பணம் வரவில்லை, கணக்கில் மட்டும் கழிந்துவிட்டது: ஏடிஎம் சிக்கல்களை அறிகுறி பார்த்துப் பிரிப்பது எப்படி

ஏடிஎம் மெஷின் பணத்தை வெளியே தள்ளுவதற்குச் சில விநாடிகள் முன்பே உங்கள் கணக்கில் தொகை கழிந்துவிடும். எந்த வங்கி மெஷினாக இருந்தாலும் வரிசை இதுதான். வங்கி முதலில் கணக்கில் கழித்துக்கொண்டு, "கொடுக்கலாம்" என்று மெஷினுக்குச் சொல்லும்; அதன் பிறகுதான் மெஷின் தாளை எண்ணத் தொடங்கும். அந்தச் சில விநாடிகளுக்குள் எது கெட்டாலும் கையில் பணம் இருக்காது, போனில் எஸ்எம்எஸ் மட்டும் இருக்கும்.

கழிந்த பணம் சிலருக்கு இரண்டு நிமிடத்தில் திரும்புகிறது, சிலருக்கு ஐந்து நாள் ஆகிறது, சிலருக்குப் புகார் கொடுத்தும் வருவதில்லை. தொகைக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. நடந்தது என்ன என்று மெஷினுக்கு எவ்வளவு நிச்சயமாகத் தெரியும் என்பதுதான் எத்தனை நாள் ஆகும் என்பதை முடிவு செய்கிறது. கீழே உள்ள அறிகுறிகளில் உங்களுடையது எது என்று பார்த்தால், காத்திருக்கலாமா, அன்றே எழுதிக் கொடுக்க வேண்டுமா என்பது விளங்கும்.

முதலில் பாதையைப் பார்த்துவிடலாம்

இதில் நான்கு தரப்பு உண்டு: மெஷின், மெஷினை வைத்திருக்கும் வங்கி, நடுவில் இருக்கும் ஸ்விட்ச், உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கி. இந்தியாவில் ஒரு வங்கியின் கார்டை இன்னொரு வங்கியின் மெஷினில் போட்டால், நடுவில் பெரும்பாலும் இருப்பது என்பிசிஐ நடத்தும் நேஷனல் ஃபைனான்ஷியல் ஸ்விட்ச். உங்கள் வங்கியின் மெஷினிலேயே உங்கள் கார்டைப் போட்டால் இந்த நடுத்தரப்பு இல்லை. எல்லாப் பதிவும் ஒரே வங்கிக்குள் இருப்பதால் அங்கே தகராறு சீக்கிரம் தீரும்.

இவர்களுக்குள் ஓடும் செய்திகள் நான்கு இலக்க எண்களால் அடையாளம் காணப்படுகின்றன:

```
0200  மெஷின் -> கார்டு வங்கி : இவ்வளவு தொகை வேண்டும்
0210  கார்டு வங்கி -> மெஷின் : 00 (சரி, கழித்தாகிவிட்டது)
0420  மெஷின் தரப்பு -> கார்டு வங்கி : பணம் போகவில்லை, திருப்பு
0430  கார்டு வங்கி -> மெஷின் தரப்பு : திருப்பியாகிவிட்டது
```

கடைசி இரண்டு வரிகள்தான் ரிவர்சல். கடையில் கார்டு தேய்க்கும்போது தொகை முதலில் பிடித்து வைக்கப்பட்டு, பிறகு கணக்குத் தீர்க்கப்படுவது வழக்கம். ஏடிஎம்மில் அந்த இடைநிலை இல்லை. 0210 கிளம்பும்போதே கணக்கில் கழிந்திருக்கும். ஆகவே பணத்தைத் திருப்ப வேண்டுமென்றால் யாராவது 0420 அனுப்பியாக வேண்டும், அல்லது பிற்பாடு ஒருவர் கணக்கைச் சரிபார்த்துக் கையால் வரவு வைக்க வேண்டும். மூன்றாவது வழி கிடையாது.

அறிகுறி 1: தாள் எண்ணும் சத்தமே கேட்கவில்லை, திரையில் பிழை, ஆனாலும் எஸ்எம்எஸ் வந்துவிட்டது

அதிகம் நடப்பது இதுதான். பயப்பட வேண்டியதும் இதில்தான் குறைவு. மெஷின் கேட்டது, ஸ்விட்ச் உங்கள் வங்கியிடம் போனது, வங்கியும் கழித்துவிட்டது. ஆனால் அந்தப் பதில் திரும்பி வரத் தாமதமாகிவிட்டது. ஸ்விட்ச் குறிப்பிட்ட விநாடிகள்தான் காத்திருக்கும். அதற்குள் பதில் வராவிட்டால், "தற்போது இயலவில்லை" என்று மெஷினுக்குச் சொல்லிவிட்டு, உங்கள் வங்கிக்கு ஒரு 0420-ஐத் தானாகவே அனுப்பிவிடும். மெஷினுக்குச் சம்மதமே கிடைக்காததால் அது ஒரு தாளைக்கூடத் தொட்டிருக்காது. எல்லாத் தரப்புக்கும் இது தோல்வி என்று நிச்சயமாகத் தெரியும்.

பணம் பெரும்பாலும் சில நிமிடங்களில் திரும்பிவிடும். திரும்பாவிட்டால், கழித்த வங்கியின் சர்வரே அந்த நேரத்தில் திணறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போது ரிவர்சல் செய்தி தொலைந்துபோகாது. வரிசையில் நின்று, பதில் கிடைக்கும்வரை திரும்பத் திரும்ப அனுப்பப்படும். அதுவும் நடக்காமல் போனால் அடுத்த நாள் ஸ்விட்சின் பட்டியலையும் வங்கியின் பட்டியலையும் ஒப்பிடும்போது சிக்கிவிடும்: ஒரு பக்கம் "தோல்வி", மறுபக்கம் "கழித்தது".

இங்கே செய்யக் கூடாதது ஒன்றுதான். அதே மெஷினில் உடனே மறுபடி முயலாதீர்கள். கோளாறு லைனில் இருந்தால் இரண்டாவது முயற்சியும் அதே இடத்தில் போய் நிற்கும். கணக்கில் இரண்டு தடவை கழியும். இரண்டும் தனித்தனியாகத் திரும்ப வேண்டும். மினி ஸ்டேட்மெண்டையோ வங்கியின் ஆப்பையோ ஒருமுறை பார்த்துவிட்டு, தேவை அவசரமென்றால் வேறு வங்கியின் மெஷினுக்குப் போங்கள்.

சம்பளம் போடும் நாள், பண்டிகைக்கு முந்தைய மாலை, வங்கி சர்வரைப் பராமரிக்கும் நள்ளிரவு நேரம் ஆகியவற்றில் இந்த அறிகுறி சற்று கூடுதலாகத் தெரியும்.

அறிகுறி 2: எண்ணும் சத்தம் கேட்டது, பணம் வெளியே வரவில்லை

இது வேறு ரகம். சம்மதம் மெஷினுக்கு வந்துவிட்டது, வேலையும் தொடங்கிவிட்டது. கோளாறு இருப்பது உங்களுக்கு ஒரு முழ தூரத்தில், அந்தப் பெட்டிக்குள்.

உள்ளே நடப்பது இது. கீழே இரும்புப் பெட்டகத்துக்குள் கேசட்டுகள் வரிசையாக இருக்கும்; ஒவ்வொன்றிலும் ஒரே மதிப்புத் தாள்கள். உறிஞ்சு குழலோ ரப்பர் உருளையோ ஒவ்வொரு தாளாக எடுத்து மேலே அனுப்பும். வழியில் தடிமனை அளக்கும் சென்சார் ஒன்று உண்டு. இரண்டு தாள் ஒட்டிக்கொண்டு வந்தாலோ, மடிந்த தாள் வந்தாலோ, அதைத் தனியே ஒரு ஒதுக்குப் பெட்டிக்குத் தள்ளிவிட்டு வேறு தாளை எடுக்கும். நீங்கள் கேட்கும் "டர்ர்ர்" சத்தம் சில சமயம் வழக்கத்தைவிட நீள்வது இதனால்தான். எண்ணி முடித்த தாள்கள் கட்டாக அடுக்கப்பட்டு, ஷட்டர் வரை நகர்ந்து, ஷட்டர் திறந்ததும் வெளியே நீட்டப்படும்.

பசை ஒட்டிய தாள், செல்லோடேப் போட்ட தாள், ஈரக்காற்றில் ஒட்டிப்போன புதுக் கட்டு, தேய்ந்த உருளை ஆகியவற்றில் எதுவும் இந்த ஓட்டத்தை நிறுத்திவிடும். நின்ற இடம் எது என்பதுதான் கேள்வி. அடுக்குவதற்கு முன்பே நின்றிருந்தால், "ஒரு தாளும் வெளியே போகவில்லை" என்று மெஷினுக்குத் திட்டவட்டமாகத் தெரியும். அது உடனே தோல்வி என்று அறிவிக்கும், 0420 கிளம்பும், பணம் அறிகுறி 1-இல் போலவே சீக்கிரம் வந்துவிடும்.

ஷட்டர் அருகே நின்றிருந்தால் கதை மாறுகிறது. கட்டு வெளியே நீட்டப்பட்டதா, பாதி நீட்டி மாட்டிக்கொண்டதா, யாராவது எடுத்தார்களா என்று மெஷினால் சொல்ல முடியாமல் போகலாம். இப்படி உறுதியில்லாத நிலையில் தானாக ரிவர்சல் அனுப்புவதை வங்கிகள் விரும்புவதில்லை. கைக்கும் பணம் போய், கணக்கிலும் திரும்பிவிட்டால் நட்டம் மெஷின் வங்கிக்கு. அதனால் அந்தப் பரிவர்த்தனையைச் சந்தேகப் பட்டியலில் வைத்துவிட்டு, பணத்தை எண்ணிப் பார்க்கும்வரை காத்திருப்பார்கள்.

எண்ணுவது யார், எப்போது? மெஷினில் பணம் நிரப்பும் ஏஜென்சியின் ஆட்கள், அடுத்த முறை வரும்போது. கிளையோடு ஒட்டிய மெஷின் என்றால் மறுநாளே இருக்கலாம். நெடுஞ்சாலைப் பெட்ரோல் பங்க் ஓரத்தில் தனியாக நிற்கும் மெஷின் என்றால் சில நாள் ஆகலாம். உங்கள் ஐந்து நாள் பெரும்பாலும் இங்கேதான் கரைகிறது.

எண்ணும்போது உண்மை எப்படி வெளியே வருகிறது என்பதற்கு ஒரு கணக்கு. மெஷினில் 500 ரூபாய்த் தாள் 2,000 நிரப்பியிருக்கிறார்கள் என்று வையுங்கள். நீங்கள் கேட்ட 10,000 ரூபாயையும் சேர்த்து 1,412 தாள் கொடுத்தாகிவிட்டது என்கிறது மெஷினின் பதிவு. அப்படியானால் உள்ளே 588 தாள் இருக்க வேண்டும். திறந்து எண்ணினால் கேசட்டில் 585, ஒதுக்குப் பெட்டியில் 23, மொத்தம் 608. கூடுதலாக 20 தாள், அதாவது சரியாக 10,000 ரூபாய். உங்கள் பணம் மெஷினை விட்டு நகரவே இல்லை என்பது இதோடு முடிந்துவிட்டது. மெஷின் வங்கி இந்தக் கூடுதலைத் தன் கணக்கில் தனியே பதிந்து, உங்கள் பரிவர்த்தனையோடு பொருத்தி, ஸ்விட்ச் வழியாக உங்கள் வங்கிக்கு வரவு அனுப்பும்.

சிக்கல் வருவது, ஒரே சுற்றில் இரண்டு மூன்று பேருக்கு இப்படி நடந்து, கூடுதல் தொகை யாருடையதோடும் சரியாகப் பொருந்தாதபோது. அப்போது யார் புகார் கொடுத்திருக்கிறார்களோ அவர்களுடைய நேரத்தையும் தொகையையும் வைத்துத்தான் பிரிக்க முடியும். தானாக வரும் என்று விதி இருந்தாலும் புகார் கொடுத்து வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

இந்த அறிகுறியில் உடனே அங்கிருந்து நகராதீர்கள். ஷட்டர் தாமதமாகத் திறந்து பணத்தை நீட்டினால், அடுத்து வருபவர் எடுத்துக்கொண்டு போவார். பதிவில் "எடுக்கப்பட்டது" என்று விழுந்துவிடும். மெஷின் வரவேற்புத் திரைக்குத் திரும்பும்வரையாவது நில்லுங்கள். திரும்பாமல் "சேவையில் இல்லை" என்று போய்விட்டால், அந்தத் திரையை நேரம் தெரியும்படி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அது உங்களுக்குச் சாதகமான சான்று.

மின்சாரம் போய் மெஷின் பாதியில் அணைந்தாலும் இதே கதிதான். யுபிஎஸ் இருக்கும், ஆனால் அதன் பேட்டரி எந்த நிலையில் இருக்கிறது என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. அணைந்து எழுந்த மெஷினுக்குக் கடைசியாக என்ன செய்தோம் என்பது தெளிவாகப் பதிவாகியிருக்காது. சந்தேகப் பட்டியலுக்குத்தான் போகும்.

அறிகுறி 3: கேட்டதைவிடக் குறைவாக வந்தது

5,000 கேட்டு 3,000 வந்தால், முதலில் மெஷினின் கேமரா பார்க்கும்படி அங்கேயே நின்று எண்ணுங்கள். வெளியே வந்து வண்டியில் உட்கார்ந்து எண்ணினால் எண்ணிக்கை அதேதான், சான்று மட்டும் போய்விடும்.

எண்ணும் வழியில் கேசட் தீர்ந்தோ சிக்கியோ போய், மெஷின் எடுத்தவரை கொடுத்திருந்தால், குறைவாகக் கொடுத்தது அதற்குத் தெரியும். ரிவர்சல் செய்தியிலேயே "உண்மையில் போனது இவ்வளவு" என்று குறிப்பிட இடம் உண்டு. மீதி 2,000 மட்டும் திரும்பும். ஸ்டேட்மெண்டில் இது 5,000 கழிந்து, 2,000 வரவாகி, இரண்டு வரியாகத் தெரியலாம்.

மெஷின் பத்துத் தாள் எண்ணியதாகவே நினைத்துக்கொண்டு ஒன்பது கொடுத்திருந்தால், அல்லது நிரப்பியவர்கள் 500 கேசட்டில் 100 தாளை மாற்றி வைத்திருந்தால், அதற்குத் தெரியாது. ரிவர்சல் தானாக வராது. முன்சொன்ன எண்ணிக்கைக் கணக்கு ஒன்றுதான் துணை. ஆனால் கேசட் மாறிய பிழை அந்த மெஷினுக்கு வந்த எல்லாருக்கும் ஒரே மாதிரி நடக்கும் என்பதால் நிரூபிப்பது கடினமில்லை.

அறிகுறி 4: "பரிவர்த்தனை வெற்றி, பணம் கொடுக்கப்பட்டது" என்று வங்கி பதில் எழுதிவிட்டது

இருப்பதில் கஷ்டமானது இது. மெஷின் தப்பான விஷயத்தில் நிச்சயமாக இருக்கிறது. ஒவ்வொரு மெஷினும் தான் செய்ததையெல்லாம் வரிவரியாக ஒரு மின்னணு ஜர்னலில் எழுதும். சொற்கள் மெஷின் கம்பெனிக்கு ஏற்ப மாறும். ஆனால் சாரம் இப்படி இருக்கும்:

```
14:32:41  WITHDRAWAL 10000.00  RESP 00
14:32:49  NOTES STACKED
14:32:58  NOTES PRESENTED
14:33:03  NOTES TAKEN
```

வங்கி உங்கள் புகாரை மறுக்கும்போது பெரும்பாலும் இந்த ஜர்னலைத்தான் நீட்டுகிறது. கடைசி வரி சொல்வது ஒன்றே ஒன்றுதான்: ஷட்டர் வாயிலில் இருந்த கட்டு சென்சாரின் பார்வையை விட்டு விலகிவிட்டது. யார் கை எடுத்தது என்று அதற்குத் தெரியாது.

இங்கே நடந்திருக்கக்கூடியவை இரண்டு. ஒன்று, நீங்கள் நகர்ந்த பிறகு ஷட்டர் திறந்து வேறொருவர் எடுத்திருக்கலாம். இரண்டாவது, பொறி. பணம் வரும் வாயில் மேல் அதே நிறத்தில் ஒரு தகட்டை ஒட்டிவிடுவார்கள். ஷட்டர் உள்ளே திறக்கும், கட்டு தகட்டின் பின்பக்கப் பசையில் ஒட்டிக்கொள்ளும், உங்கள் கண்ணுக்கு ஒன்றும் வராது. நீங்கள் மெஷின் கெட்டுவிட்டது என்று கிளம்பியதும் வைத்தவர் வந்து தகட்டோடு எடுத்துக்கொள்வார். எண்ணும் சத்தம் முழுமையாகக் கேட்டு, திரையில் "பணத்தை எடுத்துக்கொள்ளவும்" என்றும் வந்து, வாயிலில் எதுவும் இல்லையென்றால் இதைச் சந்தேகியுங்கள். வாயில் தகடு ஆடுகிறதா, ஓரத்தில் பசை தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் அங்கேயே நின்றபடி, கார்டின் பின்புறம் அச்சிட்டிருக்கும் எண்ணுக்கும் காவல்துறைக்கும் போன் செய்யுங்கள். உதவுகிறேன் என்று பக்கத்தில் வந்து, "பின் நம்பரை இன்னொரு தடவை போடுங்கள்" என்பவரை நம்ப வேண்டாம்.

முன்பெல்லாம் எடுக்காமல் விட்ட கட்டை மெஷினே உள்ளே இழுத்துக்கொள்ளும் வசதி எங்கும் இருந்தது. கட்டின் நடுவில் சில தாள்களை மட்டும் உருவிக்கொண்டு, மீதியை உள்ளே போகவிட்டு, முழுத் தொகையும் வரவில்லை என்று புகார் கொடுக்கும் மோசடி பெருகியதால் 2012-13 வாக்கில் இந்திய மெஷின்களில் அதை நிறுத்தினார்கள். அதனால் "எடுக்காவிட்டால் தானே உள்ளே போய்விடும்" என்று நம்பி நகர முடியாது.

வங்கியின் மறுப்புக் கடிதம் வந்தால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். எழுத்தில் மூன்று விஷயம் கேளுங்கள்: அந்த நேரத்து ஜர்னல் பகுதி, அந்தச் சுற்றின் பண எண்ணிக்கைச் சான்று (கூடுதல் இருந்ததா இல்லையா), கேமராப் பதிவு. கேமராப் பதிவு காலவரையின்றி வைக்கப்படுவதில்லை. அதனால் முதல் புகாரிலேயே "பதிவைப் பாதுகாத்து வைக்கவும்" என்று ஒரு வரி சேர்ப்பது, பிறகு ஆறு கடிதம் எழுதுவதைவிட உபயோகமானது.

அறிகுறி 5: திரும்பி வந்த பணம் சில நாள் கழித்து மறுபடி கழிந்தது

இதைப் பார்த்ததும் மோசடி என்று நினைப்பவர்கள் அதிகம். பெரும்பாலும் காரணம் வேறு. மெஷின் சந்தேகத்தில் ரிவர்சல் அனுப்பிவிட்டது. உங்களுக்கு வரவும் ஆகிவிட்டது. பிறகு பணத்தை எண்ணிப் பார்த்தால் கூடுதல் எதுவும் இல்லை, அதாவது பணம் வெளியே போயிருக்கிறது. மெஷின் வங்கி அந்தத் தொகையை ஸ்விட்ச் வழியாகத் திரும்பக் கேட்கும், உங்கள் வங்கி உங்கள் கணக்கில் கழிக்கும்.

உங்கள் கையில் பணம் உண்மையிலேயே வந்திருந்தால் இது சரியான கழிப்பு. வரவில்லை என்றால் நீங்கள் இப்போது நிற்பது அறிகுறி 4-இல். அங்கே சொன்ன மூன்று சான்றுகளையும் கேளுங்கள். தற்காலிகமாக வரவு வைத்துவிட்டு, விசாரணை முடிந்ததும் திரும்ப எடுத்துக்கொள்ளும் வங்கிகளும் உண்டு. ஆகவே வரவு எஸ்எம்எஸ் வந்த கையோடு புகார் எண்ணை அழித்துவிடாதீர்கள்.

நாள் கணக்கு

2009-இல் ரிசர்வ் வங்கி வைத்த கெடு 12 வேலை நாள். 2011 ஜூலை முதல் புகார் வந்த நாளிலிருந்து 7 வேலை நாள். இப்போது நடப்பில் இருப்பது 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கை. அந்த ஆண்டு அக்டோபர் 15 முதல் அமல். அதன்படி கணக்கில் கழிந்து பணம் வராவிட்டால், பரிவர்த்தனை நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் வங்கி தானாகவே திருப்ப வேண்டும். தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் கணக்குதாரருக்கு. அதையும் கேட்காமலே வரவு வைக்க வேண்டும்.

இரண்டு மாற்றங்கள் முக்கியம்: கடிகாரம் ஓடத் தொடங்குவது புகாரிலிருந்து இல்லை, பரிவர்த்தனையிலிருந்து, எண்ணுவது வேலை நாளை இல்லை, காலண்டர் நாளை.

2025 ஆகஸ்ட் 14, வியாழன் மாலை 10,000 ரூபாய் சிக்கியது என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் சுதந்திர தினம், 17 ஞாயிறு. கிளையில் கேட்டால் "லீவு வந்துவிட்டது சார்" என்பார்கள். கெடுவுக்கு லீவு கிடையாது: 14-உடன் ஐந்தைக் கூட்டினால் 19, செவ்வாய். அன்று இரவுக்குள் வரவாக வேண்டும். பணம் 25-ஆம் தேதி திங்கள்தான் வந்தது என்றால் தாமதம் 20 முதல் 25 வரை ஆறு நாள். 600 ரூபாய் தனியாக வர வேண்டும். 10,000 வந்து 600 வராமல் போவது சகஜம். அதற்குத் தனியாக ஒரு வரி எழுதிக் கேளுங்கள்.

சிக்கிய தொகையால் இருப்பு குறைந்து, இஎம்ஐயோ காசோலையோ திரும்பி அபராதம் விழுந்திருந்தால் அந்த வரியையும் புகாரில் காட்டித் திருப்பிக் கேளுங்கள். மெஷினில் பணம் இல்லாமலோ தொழில்நுட்பக் கோளாறாலோ தோற்ற முயற்சி உங்கள் மாத இலவச எண்ணிக்கையில் சேராது. அதற்குக் கட்டணமும் எடுக்கக் கூடாது. இதுவும் 2019-இல் ரிசர்வ் வங்கி தெளிவுபடுத்தியதுதான். ஸ்டேட்மெண்டில் அப்படி ஒரு கட்டணம் விழுந்திருக்கிறதா என்று மாதக் கடைசியில் பாருங்கள்.

புகார்: யாரிடம், என்ன எழுதுவது

யாருடைய மெஷினாக இருந்தாலும் புகார் போக வேண்டியது உங்களுக்குக் கார்டு கொடுத்த வங்கிக்கு. மெஷின் இருக்கும் கிளையில் போய் நின்றால், உங்கள் கணக்கு அவர்களிடம் இல்லாததால் அவர்களால் எதையும் பார்க்க முடியாது. வங்கியின் எண்ணை இணையத்தில் தேடி எடுக்காதீர்கள்; போலி "கஸ்டமர் கேர்" எண்கள் காத்திருப்பது இப்படிப் பணம் சிக்கியவர்களுக்காகத்தான். கார்டின் பின்புறமோ ஆப்போ போதும்.

புகாரில் கதை வேண்டாம். இது போதும்:

```
கார்டின் கடைசி 4 இலக்கம் :
தேதி, நேரம்              :
மெஷின் எண் (ATM ID)      :
12 இலக்க RRN             :
கேட்ட தொகை / வந்த தொகை   :
கண்டது                   : எண்ணும் சத்தம் உண்டு, ஷட்டர் திறக்கவில்லை
கோரிக்கை                 : தொகை, 5 நாளுக்கு மேல் நாளுக்கு ரூ.100,
                          கேமராப் பதிவைப் பாதுகாக்கவும்
```

மெஷின் எண்ணும், பரிவர்த்தனையின் அடையாள எண்ணான ஆர்ஆர்என்னும் ஸ்லிப்பில் இருக்கும். ஸ்லிப் வரவில்லையென்றால் மெஷின் எண்ணை மெஷின் மேலோ பக்கத்துச் சுவரிலோ ஒட்டியிருப்பார்கள்; ஆர்ஆர்என் சில வங்கிகளின் ஸ்டேட்மெண்ட் வரியிலேயே தெரியும். எதுவுமே கிடைக்காவிட்டாலும் இடமும் நேரமும் தொகையும் இருந்தால் தேடி எடுத்துவிடுவார்கள், கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும். போனில் சொன்னால் புகார் எண் வாங்காமல் வைக்காதீர்கள்.

அறிகுறி 1 என்றால் ஒரு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தால் போதும். 2, 3, 4 என்றால் அன்றைக்கே. ஐந்து நாள் தாண்டினால் வங்கியின் இணையதளத்தில் இருக்கும் நோடல் அதிகாரிக்கு, பழைய புகார் எண்ணோடு எழுதுங்கள். புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கி ஆம்புட்ஸ்மேன். cms.rbi.org.in தளத்தில் கட்டணமில்லாமல் பதியலாம். விவரம் கேட்க 14448. வங்கியில் முதலில் எழுதிக் கொடுக்காமல் நேரே அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

எதற்கெல்லாம் இந்தக் கணக்கு பொருந்தாது

இந்த ஐந்து நாளும் நூறு ரூபாயும் இந்தியாவுக்குள் நடக்கும் பரிவர்த்தனைக்கு மட்டும். சிங்கப்பூரிலோ துபாயிலோ இந்தியக் கார்டைப் போட்டுச் சிக்கினால் விசா, மாஸ்டர்கார்டு போன்ற நெட்வொர்க்கின் தகராறு விதிகள்படி போகும், வாரக்கணக்கில் ஆகலாம்.

ஊர்ப்பக்கம் வங்கி முகவர் கையில் வைத்திருக்கும் மைக்ரோ ஏடிஎம் இதே ஐந்து நாள் விதிக்குள் வருகிறது. ஆனால் அங்கே தாள் எண்ணும் மெஷின் கிடையாது. பணம் கொடுப்பது ஆள். பரிவர்த்தனை வெற்றி என்று பதிவாகி, "சர்வர் போய்விட்டது, நாளைக்கு வாங்க" என்று முகவர் சொன்னால், எண்ணிப் பார்த்துக் கண்டுபிடிக்கக் கூடுதல் பணம் எங்கும் இருக்காது. அங்கிருந்து நகரும் முன் ரசீது கேளுங்கள். "வெற்றி" என்றிருந்தால் பணம் வாங்காமல் போகாதீர்கள். "தோல்வி" என்றிருந்தால் அந்த ரசீதே உங்கள் சான்று.